ஒரு பிளவுஸ் கூலி யாருக்கெல்லாம் போகிறது?

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லேடீஸ் டெய்லர் கடை இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, மூன்று தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், சுவரை ஒட்டிக் கட்டிங் டேபிள். கடையை நடத்தும் அக்கா அளவெடுப்பார், வெட்டுவார். தைப்பதற்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், பீஸ் கணக்கில் கூலி. ஊக்கு வைத்து ஹெம்மிங் செய்து தர, பின் தெருவில் ஒரு பாட்டி.

அக்காவின் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள். போன ஆடி மாதம், கடையில் வேலை குறைவாக இருந்த ஒரு மதியம், கல்லூரியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை என்னிடம் காட்ட வந்தாள். ஏதாவது ஒரு தொழிலை எடுத்து அதற்கு ‘ஐந்து போட்டி விசைகள்’ சட்டகத்தைப் பொருத்திக் காட்ட வேண்டும். அவள் அம்மாவின் கடையையே எடுத்திருந்தாள். நடுவில் ஒரு கட்டம், நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கி நாலு அம்பு. நடுக்கட்டத்தில் ‘தொழிலுக்குள் போட்டி: மிக அதிகம்’. அம்புகளில் ‘புதிதாக வருபவர்கள்: அதிகம்’, ‘மாற்றுப் பொருள்: அதிகம்’, ‘வாடிக்கையாளர் பலம்: நடுத்தரம்’, ‘சப்ளையர் பலம்: குறைவு’.

அக்கா கையிலிருந்த கத்தரியை வைத்துவிட்டுப் பார்த்தார். “அதிகம், குறைவுன்னு போட்டிருக்கியே பாப்பா, ஒரு பிளவுஸ் தச்சா எனக்கு எவ்வளவு நிக்குதுன்னு இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அந்தச் சட்டகத்தை உருவாக்கியவர் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதான். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இளம் பேராசிரியராக இருந்த மைக்கேல் போர்ட்டர், 1979-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில் இதை முதலில் விளக்கினார். அடுத்த ஆண்டே புத்தகமாக விரித்தார். சில தொழில்களில் யார் இறங்கினாலும் ஓரளவு லாபம் நிற்கிறது, சில தொழில்களில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நிற்பதில்லை, அது ஏன் என்பது அவருடைய கேள்வி. பக்கத்துக் கடைக்காரர் மட்டும்தான் நம் போட்டியாளர் என்று நினைக்கிறோம். ஆனால் நம் லாபத்தில் பங்கு கேட்பவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர், கூலியையோ பொருள் விலையையோ ஏற்றும் சப்ளையர், நாளை கடை போடக்கூடிய புதியவர், நம் பொருளே தேவையில்லாமல் செய்துவிடும் வேறொரு பொருள். வாடிக்கையாளர் கொடுக்கும் காசு இவர்களுக்கிடையே எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்ப்பதற்கான கருவி இது. ஸ்லைடில் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று எழுதி முடித்துவிட்டால் வேலையில் பாதிதான் ஆகியிருக்கிறது. எத்தனை ரூபாய், யாருடைய கையில், என்ன காரணத்தால் என்று எழுதினால்தான் மீதிப் பாதி.

அன்று மாலை மூன்று பேரும் உட்கார்ந்து அந்த மீதிப் பாதியைப் போட்டுப் பார்த்தோம். தொகைகளைப் படிக்க எளிதாகச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இவை மாறும்.

முதலில் இடறிய இடம், எது தொழில் என்பது. மகள் ‘தையல் தொழில்’ என்று ஒரே பெயராக எழுதியிருந்தாள். அக்காவின் பில் புத்தகத்தைப் புரட்டினால் உள்ளே நாலு தொழில் இருந்தது. லைனிங் இல்லாத சாதா பிளவுஸ், லைனிங் பிளவுஸ், கல்யாணப் பிளவுஸ், சுடிதார். நாலும் ஒரே மெஷினில் ஒரே கையால் தைக்கப்படுபவைதான். ஆனால் வாங்குகிறவர்கள் வேறு, போட்டிக்கு வருகிறவர்கள் வேறு, அதற்குப் பதிலாக வாங்கக்கூடிய பொருளும் வேறு. போர்ட்டரின் சட்டகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த எல்லைக்கோட்டில்தான். கோட்டை அகலமாகப் போட்டால் எல்லா அம்புக்கும் ‘அதிகம்’ என்றுதான் பதில் வரும். சாதா பிளவுஸுக்கு உண்மையாக இருப்பது கல்யாணப் பிளவுஸுக்குப் பொய்யாகி, இரண்டும் கலந்து எதுவும் தெரியாமல் போகும்.

அதனால் நாலுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். சாதா பிளவுஸுக்கு வாங்குவது 200 ரூபாய். தைக்கும் கூலி 80, நூலும் ஊக்கும் 10, பாட்டிக்கு ஹெம்மிங்குக்கு 25, வாடகை, கரண்ட், மெஷின் ரிப்பேர் எல்லாவற்றையும் மாதத்துக்கு எத்தனை உருப்படி என்று வகுத்தால் 45. நிற்பது 40 ரூபாய். அளவெடுப்பது, வெட்டுவது, கடைசியில் பிடித்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்து அக்காவுக்கு 40 நிமிடம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய்.

லைனிங் பிளவுஸுக்கு 400. கூலி 150, லைனிங் துணி 70, நூல், ஊக்கு 15, கைவேலை 30, வாடகை வகையில் 45. நிற்பது 90. நேரம் 50 நிமிடம். மணிக்கு 108.

கல்யாணப் பிளவுஸுக்குத் தையலுக்கு மட்டும் 1,200. கூலி 350, லைனிங், கப், கேன்வாஸ், பைப்பிங் எல்லாம் 150, கைவேலை 60, வாடகை வகையில் 60. நிற்பது 580. ஆனால் பேச்சு, டிசைன், ட்ரையல் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் போகிறது. மணிக்கு ஏறக்குறைய 193.

சுடிதார் டாப்பும் பேண்ட்டும் 350. கூலி 170, எலாஸ்டிக், கேன்வாஸ், நூல் 35, கைவேலை 20, வாடகை வகையில் 60. நிற்பது 65. நேரம் ஒன்றேகால் மணி. மணிக்கு 52.

அக்கா சுடிதார் கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் அதிக நேரம் பேச்சு வாங்குவதும், அதிகம் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வருவதும் சுடிதார்தான். அதில்தான் குறைவாக நிற்கிறது. “அப்ப கூலிய ஏத்தலாமே?” என்று மகள் கேட்டாள். அக்கா சிரித்துவிட்டார். “450க்குத் துணியோட ரெடிமேடு குர்தி கெடைக்குது. நான் தையலுக்கே 450 கேட்டா யாரு வருவா?”

மாற்றுப் பொருள் என்ற விசை வேலை செய்யும் விதம் இதுதான். அது பக்கத்தில் கடை போட்டு உட்காருவதில்லை. நம் விலைக்கு மேல் ஒரு கூரை போட்டுவிடுகிறது. துணி விலை ஏறலாம், கூலி ஏறலாம், வாடகை ஏறலாம், ஆனால் கூரை அங்கேயே இருக்கும். குர்தி தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை, லெக்கிங்ஸ் யாருக்கும் பொருந்தும் என்பதால் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டிய தேவையே அங்கே குறைந்துவிட்டது. ஆண்களின் சட்டைக்கும் பேண்ட்டுக்கும் இதே கதை முன்னாலேயே நடந்துவிட்டது. சேலைப் பிளவுஸில் மட்டும் அது இன்னும் பாதிதான் நடந்திருக்கிறது. ரெடிமேடு பிளவுஸும் ஸ்ட்ரெச் பிளவுஸும் கடைகளில் தொங்குகின்றன. தினப்படிக்குக் கட்டும் சேலைக்கு அவற்றை வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் தோள், மார்பு, கைக்குழி மூன்றும் ஒருசேர இறுக்கமாகப் பொருந்த வேண்டிய உடை பிளவுஸ். ஒரே 36 சைஸில் இரண்டு பெண்களுக்குத் தோள் அளவு ஒன்றாக இருப்பதில்லை. போதாததற்கு, சேலையோடு பிளவுஸ் துணியும் சேர்ந்தே வருகிறது. அதைச் சும்மா வைத்திருக்க யாருக்கும் மனம் வராது. இந்த இரண்டும்தான் பிளவுஸ் மீது கூரை தாழாமல் தாங்கிப் பிடித்திருக்கின்றன. சேலையே குறைவாகக் கட்டப்படும் காலம் வந்தால் அது வேறு பிரச்சினை. அப்போது கூரை தாழாது, ஆட்கள் வருவதே குறையும்.

அடுத்து, புதிதாக நுழைபவர்கள். மகளின் ஸ்லைடில் இதற்கு ‘அதிகம்’ என்று இருந்தது. சாதா பிளவுஸைப் பொறுத்தவரை அது சரி. ஒரு மெஷின் இருந்தால் போதும். அந்த மெஷினும் பலருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் சேர்க்கப்பட்ட 18 தொழில்களில் தையலும் ஒன்று, கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. அரசையே ஆறாவது விசையாகக் காட்டும் ஸ்லைடுகளும் உண்டு. போர்ட்டர் அப்படிச் சேர்ப்பதை ஏற்கவில்லை. அரசு செய்வது ஐந்தில் எந்த விசையைத் தொடுகிறது என்று பார்க்கச் சொன்னார். இந்தத் திட்டங்கள் தொடுவது நுழையும் வாசலை. அவை எத்தனையோ பெண்களுக்குக் கையில் சொந்தக் காசைக் கொடுத்திருக்கின்றன. அவற்றை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதே சமயம் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டவருக்கு வாடகை கிடையாது. அவரால் 140 ரூபாய்க்குத் தைத்துக் கொடுக்க முடியும். அக்காவின் கணக்கில் 45 ரூபாய் வாடகை வகை இருக்கிறதே, அந்த இடத்தில்தான் அவர் ஜெயிக்கிறார். சாதா பிளவுஸின் கூலி ஏறாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் அவர்கள்தான்.

கல்யாணப் பிளவுஸில் கதை வேறு. அங்கேயும் மெஷின் அதேதான், ஆனால் வாசலில் வேறொரு பூட்டு தொங்குகிறது. பட்டுச்சேலையோடு வரும் பிளவுஸ் துணி சாதாரணமாக 80 சென்டிமீட்டர் இருக்கும். பார்டரோடு ஒட்டி வருவது. கை ஒன்றைத் தப்பாக வெட்டிவிட்டால் அதே நிறத்தில், அதே பார்டரில் இன்னொரு துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் இருக்கும். அதனால் மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்த 25,000 ரூபாய்ச் சேலையின் துணியைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. ‘அவங்க கெடுத்ததில்ல’ என்று ஊரில் நாலு பேர் சொல்ல வேண்டும். அதைச் சம்பாதிக்க அக்காவுக்குப் பல வருடங்கள் ஆயின. கூலி 1,200 நிற்பதற்கு நூல், லைனிங், கப் எல்லாவற்றையும் விட இந்தப் பயம்தான் காரணம். மகளின் ஸ்லைடில் ஒரே அம்பாக இருந்தது இப்படி இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் கதவே இல்லை, மற்றதில் பூட்டே நம்பிக்கைதான்.

இனி வாடிக்கையாளர். ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஆறு, எட்டு பிளவுஸ் கொடுப்பவர்கள். யார் ஒருவர் போனாலும் கடை ஆடிப்போகாது. அந்த வகையில் அவர்கள் பலம் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தை அக்காதான் சொன்னார், எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்காதது. “அளவு பிளவுஸ் கொண்டு வர்றாங்களே, அது நான் தச்சதுதான் தம்பி. அதைப் பைல போட்டுட்டு எந்தக் கடைக்கு வேணா போகலாம்.”

வாடிக்கையாளர் ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் எவ்வளவு சிரமம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அவர் பேரம் பேசும் பலம் குறையும். அளவு பிளவுஸ் அந்தச் சிரமத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. அக்கா பத்து முறை திருத்தித் திருத்திக் கண்டுபிடித்த பொருத்தம் முழுவதும் அந்தத் துணிக்குள் இருக்கிறது. அதை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். அக்காவின் உழைப்பு வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, கடையில் ஒன்றும் தங்குவதில்லை. அளவு நோட்டுப்புத்தகம் இருக்கிறதே என்று மகள் கேட்டாள். நோட்டில் இருப்பது மார்புச் சுற்றளவு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து ஆழம் என்று பத்துப் பன்னிரண்டு எண்கள். ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்திருப்பது, டாட் எந்த இடத்தில் விழ வேண்டும், கைக்குழியை எவ்வளவு தோண்டினால் கை தூக்கும்போது பிடிக்காது என்பதெல்லாம் எண்ணில் அடங்காதவை. அவை பேப்பர் பேட்டர்னில் அடங்கும்.

பலம் உள்ள வாடிக்கையாளர் எப்படி இருப்பார் என்பதும் அந்த வருடமே தெரிந்தது. கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், மாதம் 100 சாதா பிளவுஸ் கொடுக்கிறேன், உருப்படிக்கு 140 என்று கேட்டுவிட்டிருந்தார். கூலி, நூல், ஹெம்மிங் போக 25 ரூபாய் நிற்கும். அதிலிருந்துதான் வாடகையும் போக வேண்டும். கடையில் மாதத்துக்கு எல்லாம் சேர்த்து 200 உருப்படி போகிறது. அதில் பாதியை ஒரே ஆள் கொடுத்தால், அடுத்த வருடம் அவர் 125 என்று சொன்னாலும் மறுக்க முடியாது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பித் தைப்பது என்றால் என்ன என்பது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடையைத் தைக்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு வாடிக்கையாளர் அரசு ஒன்றுதான். கூலி என்ன என்று சொல்வதும் அதுவே. வேலை நிச்சயமாக வரும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இவ்வளவு வேண்டும் என்று தைப்பவர் போய்ச் சொல்ல வேறு வாசல் கிடையாது.

ஜவுளிக்கடை வேலையை அக்கா ஆடி, மார்கழி மாதங்களுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். வேலை இல்லாத மாதத்தில் வாடகையும் கரண்ட்டும் எப்படியும் போகின்றன. அந்த 25 ரூபாய் அப்போது வந்த வரை லாபம். இங்கே ஒரு எச்சரிக்கை. தீபாவளிக்கு முந்திய வாரம் வாடிக்கையாளர் பேரமே பேசுவதில்லை, அர்ஜென்ட்டுக்கு 100 ரூபாய் அதிகம் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மார்கழியில் 200-ஐ 180 ஆக்கச் சொல்கிறார்கள். இதைப் பார்த்து வாடிக்கையாளர் பலம் ஏறி இறங்குகிறது என்று நினைத்தால் தவறு. அது பருவம். சட்டகம் கேட்பது, பத்து தீபாவளிகளையும் பத்து மார்கழிகளையும் தாண்டி மாறாமல் நிற்பது என்ன என்பதை.

இப்போது சப்ளையர். மகள் இங்கேதான் பெரிதாகத் தவறியிருந்தாள். நூல், ஊக்கு, லைனிங் துணி எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் ‘குறைவு’ என்று எழுதிவிட்டாள். 400 ரூபாய் லைனிங் பிளவுஸில் பொருளுக்குப் போவது 85 ரூபாய். கைகளுக்குப் போவது 180. இந்தக் கடைக்கு முதல் சப்ளையர் உழைப்பைத் தருபவர்கள்தான். போர்ட்டரும் சப்ளையர் என்ற சொல்லில் உழைப்பையும் சேர்த்தேதான் பேசுகிறார்.

இரண்டு தையல் பெண்களில் ஒருவர் எதையும் தைப்பார். பிரின்சஸ் கட், பானை கழுத்து, பின்புறம் கயிறு வைத்தது, எது கொடுத்தாலும் சுருக்கம் விழாமல் வரும். மற்றவர் சாதாவும் லைனிங்கும் தைப்பார். கல்யாணப் பிளவுஸ் முழுவதும் முதலாமவர் கையில். கல்யாணப் பிளவுஸில்தான் அக்காவுக்கு அதிகம் நிற்கிறது. ஆகவே கடையின் லாபத்தின் சாவி அவரிடம் இருக்கிறது. இது அவருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். அவருடைய கைத்திறனுக்கு உரிய விலை அது. தையல் கடைக்காரர்கள் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்பணம். 10,000 அல்லது 20,000 கொடுத்து வைத்தால் அது கழியும் வரை ஆள் போகமாட்டார் என்று எண்ணம். நடப்பது அப்படி இல்லை. வேறொரு கடைக்காரர் அந்த முன்பணத்தைத் தான் கட்டி ஆளை அழைத்துக்கொண்டு போகிறார், அதுவும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பாக.

ஆரி வேலை இதைவிடக் கூர்மையான உதாரணம். கல்யாணப் பிளவுஸுக்கு ஆரி போடுவது இப்போது ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது. அக்கா துணியில் முன், பின், கை என்று அளவுக்கோடு போட்டுக் கொடுப்பார். ஆரி போடும் பெண் அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மணி, ஜர்தோசி, கல் எல்லாம் வைத்துத் திருப்பித் தருவார். பிறகு வெட்டித் தைக்க வேண்டும். வாடிக்கையாளர் ஆரிக்கு 5,000 கொடுத்தால், மூன்று வருடம் முன்பு அதில் 3,000 ஆரிப் பெண்ணுக்கு, 2,000 அக்காவுக்கு. இப்போது 3,800-ம் 1,200-ம். இந்த 800 ரூபாய் நகர்ந்த விதத்தைப் பார்த்தால் சப்ளையர் பலம் என்றால் என்ன என்று தெரிந்துவிடும். முதலில் அவர் டிசைன் படங்களை அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்டாகிராமில் தானே ஒரு பக்கம் தொடங்கினார். அதன்பின் வாடிக்கையாளர்கள் டிசைனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே அக்காவிடம் வந்தார்கள். போன வருடம் இரண்டு மணப்பெண்கள் நேராக அவரிடமே துணியைக் கொடுத்துவிட்டார்கள். தையலுக்கு அவரே அக்காவிடம் அனுப்பி, 900 போதுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த இரண்டு பிளவுஸிலும் யார் யாருக்குச் சப்ளையர் என்பதே தலைகீழாகிவிட்டது. பொருள் தருபவர் நம் தொழிலுக்குள்ளேயே வந்துவிட முடியும் என்றால் அதுவே அவருடைய பெரிய பலம், உண்மையில் வராவிட்டாலும்கூட. எப்போது கவனிக்க வேண்டும் என்றால், வாடிக்கையாளர் முதல் பேச்சை யாரோடு பேசுகிறார் என்பது மாறும்போது. பங்கு மாறுவது அதற்குப் பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் கணக்கில் தெரியும்.

நடுக்கட்டத்தில் இருக்கும் போட்டியைப் பற்றி நீண்டு சொல்ல அவ்வளவு இல்லை. அந்தத் தெருவையும் பக்கத்துத் தெருவையும் சேர்த்தால் ஒன்பது கடைகள். கடையை மூடினாலும் தையலை விடுவதில்லை என்பது ஒன்றுதான் இங்கே குறிப்பிட வேண்டியது. வாடகை கட்ட முடியாமல் ஷட்டரை இறக்கியவர் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போய் அங்கே தைக்கிறார். அந்த வயதில், குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேறு வேலைக்குப் போக வழியில்லை. அதனால் கடைகள் குறைந்தாலும் தைப்பவர்கள் குறைவதில்லை, சாதா பிளவுஸின் விலையும் மீளுவதில்லை. ஆனால் ஒன்பது கடைகளும் விலையில் மட்டுமே மோத வேண்டும் என்றில்லை. சொன்ன தேதிக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் அபூர்வம். ‘நாளைக்கு வாங்க’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். தேதியில் போட்டியிடுகிறவர் பக்கத்துக் கடையின் விலையைக் கீழே இழுப்பதில்லை, தானும் விழுவதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு அக்கா செய்தவை சில. சுடிதாரை முற்றிலும் நிறுத்தவில்லை. தெரிந்தவர்கள் கேட்டால் தைக்கிறார். அந்த நேரத்தைப் பழைய பட்டுச்சேலையில் குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை தைப்பதற்குத் திருப்பினார். பாட்டியின் கல்யாணச் சேலையில் பேத்திக்குப் பாவாடை வேண்டும் என்று வருகிறவருக்கு எந்த ரெடிமேடு கடையிலும் மாற்று கிடையாது, அங்கே கூரையும் இல்லை. அடிக்கடி வரும் 60 பேருக்குப் பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வெட்டி, பெயர் எழுதிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார். மூன்று மாதம் பிடித்த வேலை. ‘அளவு பிளவுஸ் வேண்டாம், சும்மா துணிய மட்டும் குடுத்தனுப்புங்க’ என்று போனில் சொல்ல முடிகிறது. வெளியூருக்குக் கல்யாணமாகிப் போன பெண்கள் அம்மா மூலம் துணியை அனுப்புகிறார்கள். வெட்டும் நேரமும் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. சாதா பிளவுஸில் அந்தப் பத்து நிமிடத்தைக் கழித்தால் மணிக்கு 60 என்பது 80 ஆகிறது, கூலியை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல்.

தையல் பெண்ணுக்கு முன்பணத்தைக் கூட்டவில்லை. கல்யாணப் பிளவுஸுக்குக் கூலியை 350-லிருந்து 425 ஆக்கினார். கூடவே, சாதா தைக்கும் மற்ற பெண்ணுக்குப் பிரின்சஸ் கட் பழக்க அவருக்கே தனியாகக் காசு கொடுக்கிறார். 580-ல் 75 குறைந்து 505 ஆகிவிட்டது. “தீபாவளிக்கு அவ போயிட்டா 505-ம் இல்ல, 580-ம் இல்ல” என்றார் அக்கா.

இந்தச் சட்டகத்துக்கு எட்டாதவையும் உண்டு. போர்ட்டர் பேசியது ஒரு தொழிலில் உள்ள எல்லோருக்கும் பொதுவான நிலைமையைப் பற்றி. அக்காவுக்கு 47 வயது. மாலை ஆறு மணிக்கு மேல் கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பார்க்கச் சிரமப்படுகிறார். கடையின் வருமானத்தைத் தீர்மானிக்கும் பெரிய எண் அவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெட்ட முடியும் என்பது, அதற்கு ஐந்து விசைகளில் எதிலும் இடம் இல்லை. மணிக் கணக்கையும் சேர்த்துப் போட்டதற்குக் காரணம் அதுதான். பெரிய நிறுவனத்தில் முதலீட்டுக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். முதலீடு மூன்று மெஷினாக இருக்கும் இடத்தில் முதலாளியின் மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மகள் ஸ்லைடை மாற்றி எழுதினாள். ஒரு படத்துக்குப் பதில் நாலு படம், ஒவ்வொரு அம்பிலும் ரூபாய். சப்ளையர் அம்பு கல்யாணப் பிளவுஸ் படத்தில் மற்ற எல்லாவற்றையும் விடத் தடிமனாக இருந்தது.

ஆரிப் பெண்ணின் விஷயம் இன்னும் முடியவில்லை. கடைக்கு மேலே ஒரு சிறிய அறை காலியாக இருக்கிறது. அதில் சட்டம் போட்டுக்கொள்ளட்டும், வாடகை வேண்டாம், கல்யாண ஆர்டர் யார் மூலம் வந்தாலும் ஆரியும் தையலும் சேர்த்து ஒரே பில், ஆளுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசிக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். தை முகூர்த்தம் முடிந்து சொல்கிறேன் என்று அந்தப் பெண் பதில் அனுப்பியிருக்கிறார். இந்தத் தையில் எத்தனை மணப்பெண்கள் நேராகத் தன்னிடம் வருகிறார்கள் என்று அவரும் எண்ணிக்கொண்டிருப்பார்.